ஒரு வருடச் சந்தாவை ஒரே நாளில் வருமானமாக எழுதலாமா? அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு சின்னக் கம்பனிகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். பில்லிங் சொப்ட்வெயார், இணையத்தளம், கமரா பராமரிப்பு என்று சந்தா முறையில் தொழில் செய்பவர்கள் கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் இப்போது நிறையப் பேர். மார்ச் முடிந்து கணக்கை மூடும் நேரம் வந்தால் எல்லோரும் ஒரே சந்தேகத்தைத்தான் வெவ்வேறு குரலில் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

"தங்கச்சி, பில் போட்டாச்சு, காசும் பேங்கில விழுந்திட்டு. இனி இது வருமானம் இல்லாம வேற என்ன?"

கடன். காசுக் கடன் அல்ல, வேலைக் கடன். வருடச் சந்தாவை வாங்கிய அன்று நீங்கள் அந்த வாடிக்கையாளருக்கு 12 மாதச் சேவையைக் கொடுக்கக் கடமைப்பட்டு நிற்கிறீர்கள். அந்தக் கடமையில் ஒரு நாள் கழியும்போது ஒரு நாளுக்குரிய தொகை வருமானமாகிறது. மிச்சம் முழுவதும் "முற்கூட்டிப் பெற்ற வருமானம்" என்ற பெயரில் பொறுப்புகளின் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயரில் "வருமானம்" என்று இருப்பதால் பலர் அதை இலாபநட்டக் கணக்குக்குள் இழுத்துவிடுகிறார்கள். உயர்தரத்தில் கணக்கியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வாடகை முற்கூட்டிப் பெற்றதற்குச் சீராக்கம் செய்தோமே, அதே விஷயம்தான்.

இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கேட்பது இவ்வளவுதான்: வாடிக்கையாளருக்கு என்ன தருவதாக வாக்குக் கொடுத்தீர்கள், அதை எப்போது கொடுத்து முடித்தீர்கள்? பில் எப்போது போனது, காசு எப்போது வந்தது என்பதை வைத்து வருமானத்தின் திகதி முடிவாவதில்லை.

"ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்களன். பேச்சில விளங்குது, எழுதப் போனாக் குழம்புது."

கல்முனையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து கடைகளுக்கு பில்லிங் சொப்ட்வெயார் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். அக்கரைப்பற்றில் ஒரு ஹார்ட்வெயார் கடை 2024 நவம்பர் 15 முதல் 2025 நவம்பர் 14 வரை சந்தா எடுக்கிறது. தொகை 73,000 ரூபா. (நாளுக்குச் சரியாக 200 ரூபா வரவேண்டும் என்பதற்காகவே இந்தத் தொகையை எடுத்தேன்.)

பில் போட்டுக் காசு வந்த அன்று வங்கிக் கணக்கை 73,000 வரவு வையுங்கள், முற்கூட்டிப் பெற்ற வருமானத்தை 73,000 செலவு வையுங்கள். இந்தப் பதிவில் வருமானக் கணக்குக்கு இடமே இல்லை. நவம்பர் முடிவில் 15 முதல் 30 வரை 16 நாட்கள். ஆகவே முற்கூட்டிப் பெற்ற வருமானத்தை 3,200 வரவு வைத்து, சந்தா வருமானத்தை 3,200 செலவு வைக்க வேண்டும். டிசம்பருக்கு 6,200, ஜனவரிக்கு 6,200, பெப்ரவரிக்கு 5,600, மார்ச்சுக்கு 6,200.

மார்ச் 31 அன்று கூட்டிப் பாருங்கள்: 137 நாட்கள், 27,400 ரூபா வருமானம். மீதி 228 நாட்களுக்குரிய 45,600 ரூபா நிதி நிலைமைக் கூற்றில் நடைமுறைப் பொறுப்பாக நிற்கும். நவம்பர் 15 அன்றே முழுவதையும் வருமானத்தில் போட்டிருந்தால் இந்த ஒரு கடையில் மட்டும் அந்த வருட இலாபம் 45,600 ரூபாயால் ஊதியிருக்கும். இப்படி 40 கடை இருந்தால் என்னவாகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த இலாபத்தை நம்பிப் பங்கு பிரித்து எடுத்துவிட்டு, அடுத்த ஆறேழு மாதம் சேவர் வாடகை கட்டக் காசில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"மாதக் கணக்கில 12-ஆல பிரிச்சாப் போதாதா? நாள் எண்ணுறது பெரிய கரைச்சல்."

போதும், ஒரே முறையை எல்லா வாடிக்கையாளருக்கும் எல்லா வருடமும் பின்பற்றினால். சந்தா எல்லாம் மாதத்தின் முதலாம் திகதி தொடங்குமாக இருந்தால் மாதக் கணக்கே சுத்தமானது. நடு மாதத்தில் தொடங்குவதற்குச் சிலர் முதல் மாதத்துக்கு அரை மாதமும் கடைசி மாதத்துக்கு அரை மாதமும் எடுப்பார்கள். அதுவும் பரவாயில்லை.

ஆகாதது எது என்றால், 28ஆம் திகதி தொடங்கிய சந்தாவுக்கு அந்த மாதத்தை முழு மாதமாக எடுப்பது. மாதக் கடைசியில் புதிய வாடிக்கையாளர் நிறையச் சேரும் தொழிலில் அது ஒவ்வொரு மாதமும் வருமானத்தை முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

"எங்கட பில் எல்லாம் மாதா மாதம்தான். ஒண்டாம் திகதி போகுது, முப்பதாம் திகதி முடியுது. எங்களுக்கும் இந்த வேலை இருக்கா?"

இல்லை. பில் போகும் மாதமும் சேவை கொடுக்கும் மாதமும் ஒன்றாக இருந்தால் நேரே வருமானத்தில் எழுதலாம். ஒத்திவைக்க எதுவும் இல்லை.

மாதம் முடிந்த பிறகு பில் போடுபவர்களுக்கு மட்டும் மறுபக்கம் ஒரு வேலை இருக்கிறது. மார்ச் மாதக் கமரா பராமரிப்புக்கு ஏப்ரல் 3ஆம் திகதி பில் போட்டாலும் அது மார்ச் வருமானம். மார்ச் 31இல் அதை அட்டுறு வருமானமாக எழுதிவிட்டு, ஏப்ரலில் பில் பதியும்போது நீக்கிவிட வேண்டும். நீக்க மறந்தால் ஒரே வருமானம் இரண்டு தரம் ஏறும்.

"கம்ப்யூட்டர்ல ஒரு தரம் செட் பண்ணிவிட்டா அதுவே வருசா வருசம் பில் போடுது. பிறகு எங்க பிழை வரும்?"

இரண்டு இடத்தில் வரும். முதலாவது, தானாகப் பில் போடும் வசதி அந்தப் பொருளுக்கு நீங்கள் எந்தக் கணக்கைக் கொடுத்தீர்களோ அதில்தான் பதியும். பெரும்பாலும் அது "விற்பனை" என்றே இருக்கும். "வருடச் சந்தா" என்ற பொருளைத் திறந்து அதன் கணக்கை முற்கூட்டிப் பெற்ற வருமானத்துக்கு மாற்றாவிட்டால், ஒவ்வொரு வருடமும் நீங்கள் தூங்கும்போதே பிழை நடந்துகொண்டிருக்கும். மாதச் சந்தாவும் வருடச் சந்தாவும் விற்பவர்கள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே வைத்திருங்கள்.

இரண்டாவது, திகதி. பில் திகதி வேறு, சேவைக் காலம் வேறு. எனக்கே இது நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் பில் வார்ப்புருவில் விபரத்தைக் கையால் தட்டெழுதி வைத்திருந்தேன், போன வருடக் காலத்தோடு. புது வருடப் பில் போனபோது அதில் முடிந்துபோன காலமே அச்சாகியிருந்தது. "கட்டின காசுக்குத் திரும்பவும் பில் அனுப்பியிருக்கிறீங்க" என்று அவர் கோபப்பட்டார். அதைவிட மோசம், வருமானத்தை மாதம் மாதமாகப் பிரிக்க நான் வைத்திருக்கும் எக்செல் அட்டவணை அந்தத் திகதியைப் பார்த்து, சேவை முடிந்துவிட்டது என்று முழுத் தொகையையும் ஒரே மாதத்தில் வருமானமாக்கிவிட்டது. அதன் பிறகு தொடக்கம், முடிவு இரண்டையும் தனி நிரலில் வைக்கிறேன், விபரத்துக்குள் எழுதுவதில்லை.

"புதுப்பிக்கிற பில் ஒரு மாதம் முந்தியே போயிடும். அதையும் உடனே கணக்கில ஏத்தவா?"

வாடிக்கையாளர் இன்னும் காசு கட்டவில்லை, புதிய காலமும் தொடங்கவில்லை, "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமையும் இருக்கிறது என்றால் அது உண்மையில் ஒரு நினைவூட்டல் கடிதம். ஏப்ரல் 20இல் தொடங்கும் காலத்துக்கு மார்ச் 21இல் பில் போயிருந்தால், மார்ச் 31 கணக்கில் வருமதியும் இருக்கக்கூடாது, முற்கூட்டிப் பெற்ற வருமானமும் இருக்கக்கூடாது. இரண்டும் இருந்தால் இலாபம் மாறாதுதான். ஆனால் இல்லாத கடனாளியும் இல்லாத பொறுப்பும் சேர்ந்து கூற்றின் இரு பக்கமும் வீங்கும். கடன் கேட்டுப் போகும்போது வங்கியில் வருமதிப் பட்டியலைக் கேட்பார்கள். அப்போது விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

மார்ச் 31க்கு முன் அவர் காசைக் கட்டிவிட்டால் கதை வேறு. காசு வந்தது உண்மை, முழுத் தொகையும் பொறுப்பு. அதேபோல, இடையில் விலக முடியாது என்று ஒப்பந்தம் இருந்து, கட்ட வேண்டிய நாளும் கடந்துவிட்டால் வருமதியையும் பொறுப்பையும் எழுதத்தான் வேண்டும். நான் செய்வது: பில் அப்படியே போகட்டும், வருட முடிவில் மட்டும் "தொடங்காத, கட்டாத" பில்களைப் பிரித்தெடுத்து ஒரு பதிவில் இரண்டு பக்கமும் கழித்து, ஏப்ரல் 1இல் அதைத் திருப்பிப் போடுகிறேன்.

"பொங்கலுக்கு 12 மாதக் காசுக்கு 14 மாதம் குடுத்தம். அந்த இலவச ரெண்டு மாதத்துக்கு என்ன எழுத?"

கணக்கில் இலவசம் என்று ஒன்று கிடையாது. அவர் 14 மாதச் சேவைக்கு ஒரு விலை கொடுத்தார், அவ்வளவுதான். 2025 பெப்ரவரி 1இல் தொடங்கிய சந்தாவுக்கு 70,000 ரூபா வாங்கினால் அது 2026 மார்ச் 31 வரை, மாதம் 5,000. 2025 மார்ச் 31இல் 10,000 வருமானம், 60,000 பொறுப்பு. 12ஆல் பிரித்தால் முதல் 12 மாதம் கூடக் காட்டி, கடைசி இரண்டு மாதம் சும்மா வேலை செய்தது போல் ஆகும்.

"முதல் நாள் செட்டப் சார்ஜ் எண்டு 25,000 எடுக்கிறம். அதையாவது உடனே எழுதலாமா?"

அந்த 25,000க்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கடையின் 3,000 பொருட்களின் பெயரையும் விலையையும் ஏற்றிக் கொடுத்து, காசாளருக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தீர்களா? அந்த வேலையை வேறொருவரிடமும் செய்வித்திருக்கலாம், அதனால் வரும் பயன் வாடிக்கையாளருக்குத் தனியாகத் தெரிகிறது. அப்படியானால் வேலை முடிந்த மாதத்தில் வருமானம். பார்கோட் பிரிண்டரும் விற்றிருந்தால் அது ஒப்படைத்த அன்று வருமானம்.

ஒரு கணக்கைத் திறந்து கடவுச்சொல் கொடுத்ததற்குத்தான் "செட்டப்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது தனிச் சேவை அல்ல, சந்தாவின் விலையில் ஒரு பகுதி. சந்தாவோடு சேர்த்தே பரப்புங்கள். பில்லில் தனி வரியாக இருப்பதால் மட்டும் அது தனியாகிவிடாது.

இன்னொரு தந்திரத்தையும் பார்க்கிறேன். செட்டப் விலையைக் கூட்டிச் சந்தா விலையைக் குறைத்து, வருமானத்தை முன்னுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். மொத்த விலையை, ஒவ்வொன்றையும் தனியாக விற்றால் என்ன விலை போகுமோ அந்த விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். பில்லில் எழுதிய பிரிப்பு அதற்குக் கட்டுப்பட்டதே.

"வற் வரியையும் இப்பிடி மாதம் மாதமாப் பிரிச்சுக் கட்டலாமா மிஸ்?"

முடியாது. 2024 ஜனவரியிலிருந்து வீதம் 18. நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால் அந்த 73,000க்கு 13,140 ரூபா வரியும் சேர்த்து 86,140க்கு பில் போகும். அந்த 13,140 உங்கள் வருமானமே அல்ல, அரசாங்கத்தின் காசு உங்கள் கையில் நிற்கிறது. அது முழுவதும் பில் போட்ட அன்றே வற் செலுத்தற்குரிய கணக்குக்குப் போக வேண்டும். ஒத்திவைப்பது 73,000 மட்டும்.

86,140ஐ முழுதாக முற்கூட்டிப் பெற்ற வருமானத்தில் போட்டு 12ஆல் பிரித்த ஒருவரின் கணக்கை நான் திருத்தியிருக்கிறேன். வருமானமும் பிழை, வற் அறிக்கையும் பிழை. திருத்த ஒரு வாரம் போனது.

"மே மாதம் ரெண்டாவது கவுன்டருக்கும் கேட்டார். பழைய பில்லை அழிச்சுப் புதுசாப் போடவா?"

அழிக்க வேண்டாம். அக்கரைப்பற்றுக் கடையையே எடுப்போம். இரண்டாவது கவுன்டருக்கு வழமையான விலை நாளுக்கு 100 ரூபா, 2025 மே 1இல் தொடங்குகிறது. முடிவுத் திகதியைப் பழைய சந்தாவின் நவம்பர் 14இலேயே வையுங்கள். 198 நாட்கள், 19,800 ரூபா. வழமையான விலையில் கூடுதல் சேவை என்பதால் அதைத் தனி ஒப்பந்தம் போல் நடத்தலாம். பழைய அட்டவணையில் கை வைக்காமல் புதிதாக ஒரு வரி சேர்த்தால் சரி. அடுத்த நவம்பரில் இரண்டையும் சேர்த்து ஒரே பில்.

"அட்டவணை அட்டவணை எண்டுறீங்க. அதை எப்பிடிச் செய்யிற? பிழை எண்டா எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

எக்செல்லில் ஒரு பில்லுக்கு ஒரு வரி. B நிரலில் வற் இல்லாத தொகை, C இல் தொடக்கத் திகதி, D இல் முடிவுத் திகதி. H1 இல் கணக்கு மூடும் திகதி. மீதிப் பொறுப்பு இதோ:

```
=B2*MAX(0,MIN(D2-C2+1,D2-$H$1))/(D2-C2+1)
```

அக்கரைப்பற்றுக் கடையின் விபரத்தைக் கொடுத்து H1 இல் 2025 மார்ச் 31 போட்டால் 45,600 வர வேண்டும். காலம் முடிந்த பில்லுக்குப் பூச்சியமும், தொடங்காத பில்லுக்கு முழுத் தொகையும் காட்டும். முழுத் தொகை காட்டும் வரிகளைத்தான் மேலே புதுப்பிக்கும் பில் பற்றிச் சொன்ன சோதனைக்கு எடுக்கிறேன்.

இந்த நிரலின் கூட்டுத்தொகையும் பரீட்சை மீதியில் உள்ள முற்கூட்டிப் பெற்ற வருமானமும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரேட்டில் கூட இருந்தால் பெரும்பாலும் யாரோ விலகிப் போனதைப் பதியவில்லை. குறைய இருந்தால் ஏதோ ஒரு பில் நேரே விற்பனைக்குப் போயிருக்கிறது. முதலில் அந்த இரண்டையும் தேடுங்கள். வித்தியாசத்தை "ஏனைய வருமானம்" என்று போட்டு மூடிவிட வேண்டாம்.

"காசு கட்டவே இல்ல. ஜனவரியோட லைனை வெட்டிட்டம். 73,000-ஐயும் அறவிட முடியாக் கடன் எண்டு வெட்டிவிடவா?"

இதில்தான் நல்ல கணக்காளரும் தடுக்கி விழுகிறார். அக்கரைப்பற்றுக் கடையின் அதே தொகை, அதே திகதிகள், ஆனால் காசு கட்டாத வேறொரு கடை என்று வைப்போம். நவம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை 78 நாட்கள் சேவை கொடுத்தீர்கள். வருமானமாக எழுதியது 15,600 மட்டும். மீதி 57,400 இன்னும் பொறுப்பில் நிற்கிறது, ஒரு சதமும் வருமானத்துக்குப் போகவில்லை. வருமானமாகாத தொகையில் நட்டம் எப்படி வரும்?

ஆகவே இரண்டு பதிவு. கொடுக்காத, இனிக் கொடுக்கப் போவதுமில்லாத சேவைக்கு 57,400க்குக் கிரெடிட் நோட் போடுங்கள்: முற்கூட்டிப் பெற்ற வருமானம் வரவு, வருமதி செலவு. எஞ்சும் 15,600தான் அவர் உண்மையில் தரவேண்டிய காசு. அதைக் கேட்டு அலைந்தும் வராவிட்டால் அந்த 15,600 மட்டும் அறவிட முடியாக் கடன்.

73,000ஐயும் ஒரேயடியாக வெட்டினால் பொறுப்பில் 57,400 அநாதையாகக் கிடக்கும். அட்டவணை அதை மாதம் மாதமாக வருமானமாக்கிக்கொண்டே போகும். லைன் வெட்டப்பட்ட கடையிலிருந்து நவம்பர் வரைக்கும் வருமானம்! காசு கட்டியவர் இடையில் விலகிக் காசைத் திருப்பிக் கொடுத்தாலும் இதே வழிதான். திருப்பிக் கொடுப்பது பொறுப்பிலிருந்து போகும், செலவுக் கணக்கிலிருந்து அல்ல. "திருப்பித் தரமாட்டோம்" என்று ஒப்பந்தத்தில் இருந்து, சேவையும் முற்றாக முடிந்துவிட்டால் மிச்சத் தொகை அந்த நாளில் வருமானம்.

"அறுகம்பேயில ஒரு கெஸ்ட் ஹவுஸ், எங்கட புக்கிங் சொப்ட்வெயாரை சீசனுக்கு மட்டும்தான் பாவிக்கிறாங்க. மழைக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. சீசன் மாதங்களுக்கே முழு வருமானத்தையும் போடலாமா?"

ஒப்பந்தம் 12 மாதத்துக்கு என்றால் முடியாது. டிசம்பரில் அவர்கள் உள்ளே நுழைய நினைத்தால் நுழையலாம் அல்லவா? அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பதுதான் நீங்கள் விற்ற சேவை. அவர்கள் வந்தார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு. கடல் கொந்தளிக்கும் மாதத்திலும் நாளுக்கு நாள் சமமாகவே வருமானம் எழுதுங்கள்.

மே முதல் ஒக்டோபர் வரை மட்டும் கணக்கைத் திறந்து வைத்து, நவம்பரில் மூடிவிடுவோம் என்று எழுத்தில் இருந்தால் ஆறு மாதத்தில் பரப்பலாம். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு எடுப்பதாக இருந்தால் அந்தந்த மாதம் நடந்த பதிவுகளுக்கு ஏற்ப எழுதலாம். இந்த மூன்றில் எது என்று கேட்டபோது, கேட்ட தம்பியிடம் ஒப்பந்தமே இருக்கவில்லை. வட்ஸ்அப்பில் "வருசத்துக்கு இவ்வளவு, ஓகேயா அண்ணன்?" என்று ஒரு செய்தியும், அதற்கு ஒரு கட்டைவிரலும் மட்டும் இருந்தன. "வருசத்துக்கு" என்ற அந்த ஒரு சொல்லை வைத்து 12 மாதம் என்று எழுதினோம்.